எங்கள் வீட்டுக் ‘கி’

1

போன மாதம் டிராமில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது தம்பி கிருஷ்ணனிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. தென்காசியில் எங்கள் வீட்டு மாடியில் நின்று பேசியிருக்கிறான். பின்னால் கோழி கத்துகிறது, யாரோ துணி அடித்துத் துவைக்கிறார்கள்.

“எக்கா, அப்பாவுக்கு அடுத்த மாசம் வருசத் திதி வருதுல்லா. பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல பெருசா ஒரு பிளக்ஸ் வைக்கலாம்னு இருக்கேன். யூனிபார்ம் போட்டோ எடுத்தாச்சு. கீழ ரெண்டு வரி எழுதணும். அப்பா கடைசியாப் பேசுனது உங்கிட்டதான. குத்தாலத்துல வச்சு. என்ன சொன்னாவன்னு நீ இன்னும் சொல்லவே இல்ல. அதப் போட்டா நல்லாருக்கும்னு தோணுது.”

மூன்று முறை கேட்டேன். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மழையில் திரும்பி நடந்தேன். ஆறு நாள் அவனுக்குப் பதில் போடவில்லை.

ஜெர்மனிக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. டூயிஸ்பர்க் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறேன். ஊரில் இருக்கிறவர்களுக்கு எழுதுகிறவள் இங்கே கொட்டும் பனியைப் பற்றியும், கிடைக்காத கறிவேப்பிலையைப் பற்றியும் எழுத வேண்டும் என்பது வழக்கம். எனக்கு அதில் அக்கறை இல்லை. கறிவேப்பிலை இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. நான் எழுதப்போவது ஒரே ஒரு எழுத்தைப் பற்றி.

2

அந்த எழுத்து ‘கி’. நீட்டினால் ‘கீ’.

நீங்களும் நானும் தினமும் செய்கிற காரியம்தான். சொல்லின் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு அந்த இடத்தில் ‘கி’யை உட்கார வைக்கிறோம். தலை நெடிலாக இருந்தால் ‘கீ’. மரம் கிரம், பாம்பு கீம்பு. உடம்பும் வாலும் அப்படியே இருக்கும். வேற்றுமை உருபு வந்தால் இரண்டுக்கும் வரும். பாம்பைக் கீம்பை, வீட்டுக்குக் கீட்டுக்கு. வினைச்சொல்லையும் விடமாட்டோம், அழுது கிழுது தொலைக்காதே என்போம். யாரும் நமக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூடத் தப்பாது.

இதில் அன்பும் உண்டு. வந்தவரிடம் “காப்பி கீப்பி சாப்பிடுதீயளா?” என்று கேட்டால் காப்பி இல்லாவிட்டால் டீ, டீ இல்லாவிட்டால் மோர், ஏதாவது கொஞ்சம் தொண்டையை நனைத்துவிட்டுப் போங்கள் என்று அர்த்தம். “பாம்பு கீம்பு கெடக்கும், லைட் அடிச்சுப் போ” என்றால் கரிசனம். அங்கே பாம்பு இன்னும் வரவில்லை, காப்பி இன்னும் போடவில்லை. இல்லாத ஒன்றைப் பற்றிப் பேசும்போது இந்த இரட்டைச் சொல் யாரையும் கடிக்காது.

எதிரில் நிற்கிற ஒன்றைப் பார்த்துச் சொல்லும்போதுதான் கடிக்கும். ஒருத்தன் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு நிற்கும்போது “என்னலே புத்தகம் கித்தகம்னுட்டு” என்றால் அவனும் அவன் புத்தகமும் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். ஆளின் பெயரையே எடுத்துச் சொன்னால் ஆளே இல்லை.

என் அப்பா சுடலைமுத்து தென்காசியில் போலீஸ் ஏட்டாக இருந்தவர். அவருக்கு லத்தி தேவைப்பட்டதில்லை. புகார் கொடுக்க வந்தவனிடம் “புகார் கிகார்னு வந்து நிக்கக் கூடாது பாத்துக்க” என்பார். வந்தவன் மடித்து வைத்த காகிதத்தை எடுக்காமலே திரும்பிவிடுவான். அதை அவர் ராத்திரிச் சோற்றோடு சொல்லிச் சிரிப்பார். இன்ஸ்பெக்டர் முன்னால் ஒரு நாளும் அவர் வாயில் ‘கி’ வந்தது கிடையாது. அது மேலே இருந்து கீழேதான் வரும். கீழே இருக்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொள்ளலாம். அம்மா அடுப்படியில் புகைக்கு நடுவே “புருசன் கிருசன்” என்று முணுமுணுத்ததை நான் கேட்டிருக்கிறேன்.

வீட்டில் அப்பா இதைச் சுருக்கிவிட்டார். முழுசாகச் சொல்ல மாட்டார். நாங்கள் முதல் பாதியைச் சொன்னால், அவர் இரண்டாம் பாதியை மட்டும் திருப்பித் தருவார்.

“அப்பா, டூர்.”

“கீர்.”

“அப்பா, பாவாடை.”

“கீவாடை.”

அவ்வளவுதான். செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். அந்த ஒரு சொல்லுக்கு மேல் அப்பீல் கிடையாது. இரண்டாம் பாதிக்குத் தனியாக ஒரு அர்த்தமும் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். கீவாடை என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. நாம் ஆசையோடு ஒரு சொல்லைக் கொண்டுபோய்க் கொடுப்போம். அது அர்த்தம் போன சக்கையாகத் திரும்பி வரும்.

தம்பி மட்டும் தப்பித்தான். கிருஷ்ணன் என்ற பெயரில் ஏற்கெனவே ‘கி’ உட்கார்ந்திருக்கிறது. அப்பா ஒருமுறை ‘பிருஷ்ணன்’ என்று சொல்லிப் பார்த்தார். அதில் உறைப்பு இல்லை, விட்டுவிட்டார். என் பெயர் பேச்சியம்மாள். குலதெய்வத்தின் பெயர். அது ‘கீச்சி’ ஆனது. பள்ளிக்கூடத்துக்கு ஒருநாள் அப்பா வந்து வாசலில் நின்று “ஏட்டி கீச்சி” என்று கூப்பிட்டார். அன்றிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிகிறவரை நான் கீச்சிதான். ஒரு வாத்தியாரும் அப்படியே கூப்பிட்டார்.

பிறகு நான் நர்ஸுக்குப் படிக்க ஆசைப்பட்டேன். பாளையங்கோட்டையில் இடம் கிடைத்தது. படிவத்தில் அப்பா கையெழுத்து வேண்டும். அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் படிவத்தை நீட்டி, “அப்பா, நர்ஸ்” என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

“கிர்ஸ்,” என்றார்.

அம்மா கையெழுத்துப் போட்டாள். அதற்காக அவள் என்ன வாங்கிக் கட்டிக்கொண்டாள் என்று நான் எழுதப்போவதில்லை. அப்பா என்னோடு இரண்டு வருடம் பேசவில்லை. பேசாமல் இருந்த அந்த இரண்டு வருடம்தான் எனக்கு அந்த வீட்டில் நிம்மதியாக இருந்தது.

3

இந்த நாட்டில் எல்லாரும் என்னை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒட்டிக்கொண்டு வருவது தெரிந்ததுதானே. இங்கே அலுவலகத்தில் இருந்த அம்மாள் அதைப் பார்த்து, “உங்கள் குடும்பப் பெயர் சுடலைமுத்து” என்று முடிவு கட்டிவிட்டாள். அது என் அப்பாவின் பெயர், எனக்கு அப்படிக் குடும்பப் பெயர் எதுவும் கிடையாது என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். “எல்லாருக்கும் உண்டு” என்றாள். விசா அட்டை, வீட்டு ஒப்பந்தம், தபால் பெட்டி, சட்டையில் குத்தும் பெயர்ப் பட்டை, எல்லாவற்றிலும் அப்பா ஏறிவிட்டார். எந்த வாயிலிருந்து தப்பி இத்தனை தூரம் வந்தேனோ அந்த வாய்க்குச் சொந்தக்காரரின் பெயரை நெஞ்சில் குத்திக்கொண்டு எட்டு மணி நேரம் நடமாடுகிறேன்.

எங்கள் இல்லத்தில் இரண்டாம் மாடியில் இஸ்மாயில் என்று ஒரு பெரியவர். துருக்கியிலிருந்து இளவட்டமாக வந்து இரும்பு ஆலையில் வேலை பார்த்தவர். இப்போது மறதி நோய். ஜெர்மன் முழுக்க மறந்துபோய்த் துருக்கி மொழி மட்டும் மிச்சம். நான் முதல் நாள் மாத்திரையோடு போனபோது என்னைப் பார்த்து, “ஹெம்ஷிரே மெம்ஷிரே” என்றார்.

எனக்குத் துருக்கியில் ஒரு சொல் தெரியாது. ஆனால் அவர் என்ன செய்தார் என்று தெரிந்துவிட்டது. முதுகுத்தண்டில் தெரிந்தது. ‘ஹெம்ஷிரே’ என்றால் நர்ஸாகத்தான் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்த அவர் மகள் எமினேயிடம் கேட்டேன். முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. “மன்னித்துக்கொள்ளுங்கள், அது ஒரு கெட்ட வழக்கம்” என்றாள். அவர்களுக்கு ‘ம’. சொல்லின் முதல் மெய்யை எடுத்துவிட்டு ‘ம’வைப் போட வேண்டும். புத்தகத்துக்கு கிதாப் மிதாப். வீட்டுக்கு யாராவது வந்தால் “சாய் மாய் குடிக்கிறீர்களா” என்பார்களாம். நம் காப்பி கீப்பிதான். ஆளைப் பார்த்துச் சொன்னால் அவமானம். அதுவும் நம்மைப் போலத்தான். ‘ம’வில் தொடங்குகிற சொல்லை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “அதற்குச் செய்ய முடியாது, ‘ஃபலான்’ என்று பின்னால் வேறொரு சொல்லை வைத்துக்கொள்வோம்” என்றாள். நான் என் தம்பியை நினைத்துக்கொண்டேன். எங்களோடு வேலை பார்க்கிற ஒரு பெண் அமெரிக்காவில் இருந்து வந்தவள். அங்கே ‘ஷ்ம’ என்று போடுவார்களாம், டாக்டர் ஷ்மாக்டர் என்று. உலகம் முழுக்க எவனோ ஒருத்தன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தது.

ஒருநாள் இஸ்மாயில் என் பெயர்ப் பட்டையைத் தடவி எழுத்துக் கூட்டிப் படித்தார். “சுடலை,” என்றார். பிறகு, “முடலை.”

நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தண்ணீர் அவர் போர்வையில் கொட்டிவிட்டது. அப்பாவின் பெயரை அப்படிச் சொல்ல ஒருத்தர் வேண்டியிருந்தது எனக்கு. அன்றிலிருந்து அவருக்குக் கூடுதலாக ஒரு தலையணை.

வீட்டில் நான், வீட்டுக்காரர், மகள் நிலா. அவளுக்குப் பதினைந்து வயது. பாதித் தமிழ், பாதி ஜெர்மன், கூடப்படிக்கிற துருக்கிப் பிள்ளைகளிடம் கற்றது கொஞ்சம். இங்கே அந்த ‘ம’வை ஜெர்மன் பிள்ளைகளும் எடுத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குக் கிளம்பு என்றால் “தமிழ் மமிழ்” என்கிறாள். அவளை எங்கே போய்க் குற்றம் சொல்ல? பள்ளிக்கூடத்தில் நாடகக் குழுவில் சேரட்டுமா என்று ஒருநாள் கேட்டாள். நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். “கீடகம்” என்றேன். தலையைத் தூக்கவில்லை. அவள் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

4

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அம்மா போய் நாலு வருடம் ஆகியிருந்தது. வலது பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. அவற்றோடு பேச்சும். மூன்று வார விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். குற்றாலத்தில் சீசன். தென்காசித் தெருவெல்லாம் சாரல் நனைத்துக்கொண்டிருந்தது.

கட்டிலில் கிடந்தவரைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வாய் கோணியிருந்தது. எனக்கு முதலில் தோன்றியது, இந்த வாயா என்பதுதான்.

திருநெல்வேலியிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒரு பெண் வாரத்துக்கு இரண்டு நாள் வந்தாள். படம் போட்ட அட்டைகள் வைத்திருந்தாள். தண்ணீர், சோறு, வீடு, குடை. என்னையும் தம்பியையும் தம்பி மனைவி செல்வியையும் உட்கார வைத்துச் சொன்னாள்: “அவுங்களுக்கு எல்லாம் புரியுது. சொல்லுதான் வெளிய வரமாட்டேங்குது. வரும்போது தப்பா வரும், பாதியா வரும். யாரும் சிரிச்சிரக் கூடாது. ஒரு தடவ கேவலமாயிருச்சுன்னு தோணிருச்சுன்னா வாயவே தெறக்க மாட்டாங்க. அப்புறம் எவ்வளவு முக்குனாலும் வராது.”

எனக்கு அவள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இதற்கு ஜெர்மனியில் தனியாகப் பயிற்சி எடுத்தவள் நான். அவள் போன பிறகு செல்விக்கு மறுபடியும் விளக்கிச் சொன்னதும் நான்தான்.

வசவு மட்டும் அப்பாவுக்கு முழுசாக வந்தது. இந்த நோயில் அது உண்டு. யோசித்துச் சொல்கிற சொல் சிக்கிக்கொள்ளும், பழகிப்போன வசவு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கிருஷ்ணன் தூக்கிவிடும்போது “ஏலே” என்று தெளிவாகச் சொன்னார். தண்ணீர் கேட்க அரை மணி நேரம் ஆனது.

அவர் கிருஷ்ணனுக்காகப் பேச முயற்சி செய்யவில்லை. எனக்காகத்தான் முயற்சி செய்தார். காலையில் நான் அட்டையை எடுத்து உட்கார்ந்தால் கண்ணை என் முகத்திலேயே வைத்திருப்பார். நான்காம் நாள் கழுத்து நரம்பு புடைக்க, எச்சில் வழிய, “கா…ப்பி” என்றார்.

என் தொண்டையில் ‘கீப்பி’ வந்து நின்றது. அதை விழுங்கினேன். “ஆமாப்பா, காப்பி. நல்லாச் சொல்லுதீய” என்றேன். அவர் சிரிக்கப் பார்த்தார். அதன் பிறகு தினமும் ஒரு சொல். சோறு, வீடு, குடை. ஒவ்வொன்றுக்கும் அதன் இரட்டை எனக்குள் எழும்பி நிற்கும். எலும்புக்குக் காத்திருக்கிற நாய் மாதிரி. நான் பிடித்து உட்கார வைப்பேன்.

“எக்கா, நீ வந்த பொறவுதான் அப்பா பேசுதாவ. உனக்கு எதோ சொல்லணும்னு கெடக்குதாவ போல,” என்றான் கிருஷ்ணன். எனக்கும் அப்படித்தான் பட்டது. அட்டையில் இல்லாத ஏதோ ஒன்று. நான் கிளம்புவதற்குள் அது வந்துவிடுமா என்று வீட்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். நான் மற்றவர்களைவிட அதிகமாகக் காத்திருந்தேன்.

5

இரண்டாவது வாரத்தில் பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை தூக்குகிற ஒருவர் அப்பாவைப் பார்க்க வந்தார். பெயர் தங்கப்பழம். அறுபது வயதிருக்கும். ஒரு சீப்புப் பழம் வாங்கி வந்திருந்தார். கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏட்டையா, என்னத் தெரியுதா? எந் தம்பிய லாரிக்காரன் அடிச்சுப் போட்டுட்டுப் போனான்னு ஸ்டேஷனுக்கு வந்தேன். நம்பர்கூடச் சொன்னேன்.”

அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“நீங்க கேட்டீய, சாட்சி கீட்சி இருக்காலேன்னு. ரோட்டுல ரத்தம் காயல. நான் அங்கனயே நிக்கேன். சாட்சி கீட்சின்னீய.”

அவர் குரலை உயர்த்தவே இல்லை. குனிந்து அப்பா போர்வையைச் சரிசெய்தார்.

“இப்பம் நீங்க கெடக்குறதுக்கு நான் சாட்சி. வேற கீட்சி வேணுமா?”

அப்பாவின் இடது கை போர்வையைப் பிடித்துக்கொண்டது. என்னைப் பார்த்தார். அவர் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவரை வெளியே அனுப்பு என்று அர்த்தம். நான் நர்ஸ், நோயாளியின் ரத்த அழுத்தம் ஏறும் என்று சொல்லி ஒரு நிமிடத்தில் அனுப்பியிருக்கலாம்.

நான் செல்வியைக் கூப்பிட்டு, “அண்ணாச்சிக்குக் காப்பி கீப்பி கொண்டா” என்றேன்.

தங்கப்பழம் காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போனார். அப்பா கண்ணிலிருந்து ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் வழிந்தது. மறுபக்கம் செயலில்லை. அதையும் நானே துடைத்துவிட்டேன்.

6

நான் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் அப்பா ஜன்னல் பக்கம் கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். மலை தெரிகிற ஜன்னல். “குத்தாலமாப்பா?” என்று கேட்டதும் தலையை ஆட்டினார். ஒவ்வொரு சீசனுக்கும் அருவியில் பாதுகாப்பு வேலைக்குப் போய் விசில் ஊதியவர். காரில் ஏற்றிக் கூட்டிப்போனோம்.

பேரருவிக்கு முன்னால் இருக்கிற பாலத்தின் பக்கம் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தோம். கூட்டத்தில் அதற்கு மேல் போக முடியாது. காரை ஒதுக்கி நிறுத்தப் போனான் கிருஷ்ணன். நானும் அப்பாவும் மட்டும். ரம்புட்டான் விற்கிறவர்களின் சத்தம், எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகிற ஆட்கள், தூரத்தில் தண்ணீரின் இரைச்சல். சாரல் காற்றில் வந்து அப்பா முகத்தில் விழுந்தது. நான் துண்டை எடுத்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

பிறகு என் கையைப் பிடித்தார். என்னுடைய நாற்பத்தாறு வருடத்தில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. அட்டையும் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. அவராக வாயைத் திறந்தார். நாக்கை மேலே தூக்கி மேல்வரிசைப் பல்லுக்குப் பின்னால் வைத்து அழுத்தினார். எனக்கு அந்த இடம் தெரியும். ‘ந’ என்ற எழுத்து பிறக்கிற இடம். அது வராமல் திணறினார். முகம் கறுத்தது. விட்டார். மூச்சு வாங்கினார். மறுபடியும் நாக்கைத் தூக்கினார். குரங்கு ஒன்று பாலச் சுவரில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை நேரம் என்று தெரியவில்லை. நான் அவர் கையை அழுத்திக்கொண்டு, “சொல்லுங்கப்பா. மெதுவாச் சொல்லுங்க. நான் எங்கயும் போவல,” என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

“நர்…ஸ்,” என்றார்.

கண் என் முகத்தில் இருந்தது. படிவத்தை நீட்டிக்கொண்டு நின்ற பதினேழு வயதுப் பிள்ளையின் கண்ணும் அப்படித்தான் இருந்திருக்கும்.

“கிர்ஸ்,” என்றேன்.

வாய் தவறி வந்தது என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். என் வீட்டுக்காரரும் நம்புவார். அது வாய் தவறி வரவில்லை. அவர் ‘ந’வுக்குத் திணறிக்கொண்டிருந்தபோதே என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பதிலைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டுதான் காத்திருந்தேன். அவர் முழுசாகச் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அரைகுறையாகச் சொல்லியிருந்தால் அது சரியாக உட்கார்ந்திருக்காது.

அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே வாயை மூடினார். கோணிய பக்கம் முழுசாக மூடவில்லை. கையை எடுத்துக்கொள்ளவில்லை, அது அப்படியே என் கையில் கிடந்தது. பிடி மட்டும் போய்விட்டது.

கிருஷ்ணன் ஓடிவந்தான். “எக்கா, அப்பா எதோ பேசுன மாரி இருந்துச்சே. தூரத்துல இருந்து வாய் அசையது தெரிஞ்சுது.”

“ஆமா. என்னமோ சொன்னாவ,” என்றேன்.

7

அதன் பிறகு அப்பா ஒரு சொல்லும் பேசவில்லை. அட்டையைக் காட்டினால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார் என்று கிருஷ்ணன் போனில் சொன்னான். பயிற்சி கொடுக்கிற பெண் இரண்டு மாதம் பார்த்துவிட்டு நின்றுவிட்டாள். உள்ளே இன்னொரு சின்ன அடைப்பு வந்திருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ‘ஏலே’கூட நின்றுவிட்டதாம்.

ஏழாவது மாதம் போய்ச் சேர்ந்தார். என் குடியிருப்பு அட்டை அப்போது புதுப்பிக்கக் கொடுத்திருந்தது, அதனால் வர முடியாது என்று தம்பியிடம் சொன்னேன். அவசரத்துக்கு ஒரு தற்காலிகக் காகிதம் கொடுப்பார்கள். கேட்டால் மறுநாளே கிடைக்கும். நான் கேட்கவில்லை.

இஸ்மாயில் பெரியவர் இன்னும் இருக்கிறார். இன்றைக்கும் காலையில் “ஹெம்ஷிரே மெம்ஷிரே” என்றார். சொல்லிவிட்டு மாத்திரையை விழுங்கினார். அவர் மகள் இப்போதும் மன்னிப்புக் கேட்கிறாள். எதற்கு என்று நான் கேட்பதில்லை.

ஆறாம் நாள் சாயங்காலம் தம்பிக்குப் பதில் போட்டேன். “நர்ஸ்னு கூப்பிட்டாவ” என்று மட்டும் எழுதினேன். உடனே கூப்பிட்டான். அழுதான். “எக்கா, உன்னப் படிக்க விடலன்னு எம்புட்டு மனசுல வச்சிருந்துருக்காவ பாத்தியா. சாவுறதுக்கு முன்ன உன்ன வாய் நெறயக் கூப்ட்ருக்காவ,” என்றான். நான் “ம்” என்றேன்.

நேற்று பிளக்ஸின் படத்தை அனுப்பினான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. அப்பா தொப்பியும் மீசையுமாக நிற்கிறார். வாய் நேராக இருக்கிறது. கீழே சிவப்பு எழுத்தில்: ‘நர்ஸ் என்று நெஞ்சார மகளை அழைத்து விடைபெற்ற எங்கள் தந்தைக்குக் கண்ணீர் அஞ்சலி.’

நிலா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். சனிக்கிழமை வகுப்புக்குப் போகாதவள், ஆனாலும் படித்துவிட்டாள். “தாத்தா உன்னை நர்ஸ்னு கூப்பிட்டாரா? அவர்தானே உன்னைப் படிக்க விடலைன்னு சொன்னே?”

“ஆமா.”

“அதுக்கு நீ என்ன சொன்னே?”

ஒன்றரை வருடமாக ஊரில் ஒருத்தரும் இதைக் கேட்கவில்லை. தம்பிகூடக் கேட்கவில்லை. செத்தவர் சொன்னதைத்தான் கேட்டார்கள்.

“கிர்ஸ்னு சொன்னேன்,” என்றேன்.

அவள் என்னைத் திட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தேன். எழுந்து அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால்கூடப் போதும் என்று இருந்தது. அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு அவளுக்குப் பிடிபட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். என் அப்பாவின் சிரிப்பு, தோள் குலுங்குகிற அதே சிரிப்பு.

“செம்ம, அம்மா. நல்லா வேணும் அவருக்கு.”

தட்டச் சொல்லி உள்ளங்கையை என் முன்னால் உயர்த்திக் காட்டினாள். நான் தட்டினேன்.